பதின்மூன்றாவது கரண்ட் பில்

கோத்தகிரியில் ஒரு சின்ன டீ ஃபேக்டரி. அதன் கணக்கு முழுக்க சசிகலாவின் கையில். பிளஸ் டூ முடித்துக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு வந்தவளுக்கு வேலை கொடுத்தவர் பங்குதாரர் குமாரசாமி. இந்த மார்ச் கடைசியோடு அவர் விலகுகிறார். வருட லாபத்தில் பாதியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இனி ஃபேக்டரி மற்றொரு பங்குதாரரான லோயிஸம்மாவுடையது. சசிகலாவுக்குச் சம்பளமும் அவரிடம்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மூவரும் ஆபீஸில் உட்கார்ந்தார்கள். கணக்கைப் பார்த்த குமாரசாமியின் முகம் கறுத்தது. மார்ச் மாதத்து கரண்ட் பில் இன்னும் வரவில்லை. தேயிலைக் கொழுந்து வாங்கும் ஷெட்டின் மூன்று மாத வாடகையையும் யாரும் கேட்கவில்லை. ஷெட்காரர் வேலன் சித்திரை பிறந்த பிறகே மொத்தமாக வாங்குகிறவர். இரண்டையும் சசிகலா மார்ச்சோடு முடிந்த வருடச் செலவில் சேர்த்து, கொடுக்க வேண்டிய பாக்கியாகக் காட்டியிருந்தாள்.

"வராத பில்லை எந்தலைல கட்டறயா அம்முணி?"

"மார்ச்சுல ஓடுன மெஷினுக்குத்தானுங்கய்யா. கடைசி நாள் சாயங்காலம் நானே மீட்டர் பார்த்துக் கணக்குப் போட்டேனுங்க. ஷெட்டுலயும் நம்ம கொழுந்துதானுங்க இருந்துச்சு. பணம் எப்பக் குடுத்தாலும் செலவு அந்த மாசத்துதுங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"வருசத்துக்கு எத்தனை மாசம்? இதுல பதிமூணு கரண்ட் பில் இருக்குது. புது மொதலாளியம்மாவுக்கு இப்பவே ஜால்ரா போடறயா? இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சசிகலாவுக்குக் காது சூடேறியது. வேலை கொடுத்த மனுஷன் வாயால் இப்படிக் கேட்க வேண்டியதாயிற்று. லோயிஸம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செலவு ஏற ஏற அவர் குமாரசாமிக்குக் கொடுக்க வேண்டியது குறையும்.

எண்ணிக்கை மட்டும் பொய்யில்லை. பதின்மூன்றுதான். சசிகலா போன ஏப்ரலுக்குப் போய்ப் பார்த்தாள். முந்தின வருடத்து மார்ச் பில்லையும் அவள் இதேபோல் அந்த வருடச் செலவில் சேர்த்து, பாக்கியில் வைத்திருந்தாள். பில் வந்து பணம் கட்டியபோது அவள் லீவில் இருந்தாள். கேஷியர் அதைப் பாக்கியில் கழிக்காமல் புதுச் செலவாக எழுதிவிட்டார். பழைய பாக்கி அப்படியே நின்றது. ஒரே பில் இரண்டு வருடத்திலும் செலவாகியிருந்தது. திரும்பி வந்தவளும் அதைப் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டால் லோயிஸம்மாவுக்கு லாபம். திறந்தால் தன் கவனக்குறைவு வெளியே வரும்.

"ஒரு பில்லு தப்புங்கய்யா," என்றாள். "இந்த மார்ச் பில் இல்லீங்க. அதுக்கு முந்தின மார்ச்சுது. போன தடவையே செலவாயிருச்சு. நானும் கவனிக்காம உட்டுட்டேனுங்க."

அதைச் செலவிலிருந்து எடுத்துப் பாக்கியில் கழித்தாள். லாபம் அந்த அளவுக்கு ஏறியது. லோயிஸம்மா இப்போது திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஷெட்டு வாடகை?" என்றார் குமாரசாமி.

"அது நிக்குமுங்க. இந்த மார்ச் பில்லும் நிக்குமுங்க."

அவர் அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க போடோணும், அம்முணி?"

அவர் கிளம்பிய பிறகு லோயிஸம்மா எழுந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"மார்ச் பில் வந்தா கேஷியர் கையில குடுக்காத," என்றார். "நீயே கணக்குல ஏத்து."