டீச்சர் நீக்கிய சொல்

அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அங்கே மென்பொருள் கையேடுகள் எழுதுகிறாள். யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் வெட்டிக் கழித்துச் சுத்தமாக்கிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பார்சல் எங்கே போகிறது என்று சொல்லும் அவள் நிறுவனத்தின் ஏபிஐயை, அதாவது வெளி மென்பொருள்கள் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கும் வாசலை, பயன்படுத்த ஒரு கூட்டாளி நிறுவனம் வந்தது. அவர்களுக்கான அறிமுகப் பக்கத்தை டீச்சர் எழுதினாள். உள்ளே நுழைய ஒரு ரகசிய எண்ணைக் கொடுத்து அனுமதி பெறுவது எப்படி, ஒரு மாதிரிக் கோரிக்கை, என்னென்ன பிழைகள் வரும், நிமிடத்துக்கு அறுபது கோரிக்கைதான் என்ற வரம்பு, எல்லாம் ஒரே பக்கத்தில். சர்வர் பிரிவுக்காரர் கொடுத்த குறிப்பில், அனுமதி வரியில் ரகசிய எண்ணுக்கு முன்னால் 'Bearer' என்று ஒரு சொல் இருந்தது. வெறும் அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிட்டாள். பக்கத்திலிருந்த மாதிரியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, அவளும்தான்.

கூட்டாளி நிறுவனத்துப் பொறியாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். மறுநாளே அவரிடமிருந்து மின்னஞ்சல்: எப்படி அனுப்பினாலும் 401 என்ற பிழைதான் வருகிறது. பிழைப் பட்டியலில் 401-க்கு நேரே 'உங்கள் ரகசிய எண் தவறு' என்று அவளே எழுதியிருந்ததால், எண்ணைச் சரிபார்க்கச் சொன்னாள். புது எண் கேட்டார், கொடுத்தாள். அதுவும் ஓடவில்லை. மூன்றாவது முறை, பக்கத்தை ஒருதரம் பொறுமையாகப் படிக்கவும் என்று அவருடைய மேலாளருக்கும் நகல் போட்டு எழுதினாள். அலுவலகச் சாப்பாட்டு மேசையில், எழுத்துக்கூட்டிப் படிக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது என்று சொல்லிக் கூட இருந்தவர்களைச் சிரிக்கவும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு நிறுவனத்தாரும் இருந்த வீடியோ கூட்டத்தில் அவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"மேடம், நான் எங்க தப்பு பண்றேன்னு தெரியல. நீங்களே ஒருதரம் ஓட்டிக் காட்ட முடியுமா?"

டீச்சர் தன் திரையைப் பகிர்ந்தாள். தன் பக்கத்திலிருந்த மாதிரியை நகலெடுத்து, தன் எண்ணைப் போட்டு அனுப்பினாள். 401. இன்னொரு முறை அனுப்பினாள். அதே 401. சர்வர் பிரிவுக்காரர் மெல்ல, "அந்த Bearer எங்க போச்சு? அது இல்லாம சர்வர் எண்ணையே பார்க்காதே" என்றார். சொல்லைச் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு எண்ணைப் போட்டதும் பார்சல் விவரம் வந்து விழுந்தது.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. திரையில் அத்தனை முகங்கள். யாரையும் பார்க்க முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவருக்குத் தனியாக ஃபோன் செய்தாள்.

"தப்பு என்னுதுதான் சார். அந்த வார்த்தைய எடுத்தது நான்தான். உங்கமேல பழியும் போட்டேன்."

"விடுங்க மேடம். எனக்குத்தான் வயசாயிடுச்சு, புரியலன்னு நினைச்சேன். எங்க மேனேஜரும் அதத்தான் சொன்னார். இந்த வேலைய நேத்தே வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டாரு."

டீச்சர் ஃபோனை வைத்தாள். அவருடைய மேலாளருக்கு அப்போதே எழுதினாள். பிழை தன்னுடையது, அவர் அனுப்பியது பக்கத்தில் இருந்தபடியேதான் என்று. பக்கத்தைத் திருத்தி, மேலே திருத்தக் குறிப்பில் தன் பெயரையும் போட்டாள். திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையிலும் தன் தப்பைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேலாளரிடமிருந்து நன்றி என்று ஒரு வரி வந்தது. வேலை அந்தப் பொறியாளரிடம் திரும்பி வந்ததா என்று அதில் இல்லை. கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.