பெரிய பாயும் சின்னச் செயின்வீலும்

முத்துக்குமாருவுக்குத் தரையில் எதைக் கண்டாலும் கடலில் அதற்கொரு சோடி இருந்தது. மழை இருட்டினால் ‘வாடை கிளம்புது’ என்பார். சந்தையில் சனம் கூடினால் ‘மீன் பட்ட மாதிரி’ என்பார். நாற்பது வயது வரை மயிலிட்டியில் வள்ளம் ஓட்டிய மனிசன், வேறெப்படிப் பேசுவார்? தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டையில் ஊரே பெயர்ந்தபோது, மனைவி இராசமலரையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அரியாலையில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டார். கடலுக்குப் போக வழியில்லை. கையில் மிஞ்சியது ஒரு பழைய இங்கிலீசுச் சைக்கிள். அதன் பின்கரியரை இரும்புக்கம்பி வைத்து அகலமாக்கி, விறகுக்காரர் ஆனார்.

காலையில் வெறும் சைக்கிளோடு கொடிகாமம் போவது, மத்தியானம் ஒன்றரை அந்தர், அதாவது எழுபத்தைந்து கிலோ விறகு கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்புவது. இதுதான் தொழில். எரிபொருளும் இல்லை, லொறியும் இல்லை என்றிருந்த அந்த நாட்களில் பட்டணத்து அடுப்பெல்லாம் இவர்களுடைய காலில்தான் எரிந்தது. ஆறு ஏழு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக ஓடுவார்கள். முன்னால் ஓடுகிறவர் கனகலிங்கம். மட்டுவில்காரர், வாய்க்குப் பூட்டில்லாதவர்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒன்றரை அந்தர் விறகைக் கட்டிப்பார்த்தால் தெரியும், நாவற்குழிப் பாலமே ஒரு மலைதான். நடந்து போகிறவனுக்கு அங்கே ஏற்றமிருப்பதே தெரியாது. விறகுக்காரனுக்கு அது தொடைக்குள் தெரியும். அந்தப் பாலத்துக்கு அவர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஏற்றத்தில் எவன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளுகிறானோ, அவன் பாலம் தாண்டித் தேத்தண்ணிக்கு நிற்கும்போது தன்னுடைய பனங்கட்டியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கவேண்டும். சீனி கண்ணில் படாத காலம். பனங்கட்டி போனால் போகட்டும், கனகலிங்கத்தின் வாய்க்குத் தப்புவது எப்படி?

“மயிலிட்டியார் நங்கூரம் போட்டிட்டார்!” என்று அவர் கத்துவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். முத்துக்குமாருவும் சிரிப்பார், ஆனால் வயிறு எரியும்.

கிழமைக்கு இரண்டுமுறை இறங்கவேண்டி வந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய வள்ளத்துக்குப் பெரிய பாய் வேண்டும். இது மயிலிட்டியில் குழந்தைக்கும் தெரியும். அப்படியென்றால் பாரச் சைக்கிளுக்குப் பெரிய செயின்வீல் வேண்டும். எங்கேயோ தேடிப்பிடித்து, பெடலோடு சுற்றும் அந்தப் பற்சில்லை மாற்றி நாற்பத்தெட்டுப் பல்லில் ஒன்று பூட்டினார். இரண்டு நாள் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

காலையில் வெறும் சைக்கிளோடு போகும்போது அது பறந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முதுகில் தள்ள, பெடலை ஒருதரம் சுற்றினால் பின்சில்லு இரண்டரைத் தரத்துக்கு மேல் சுற்றும். கனகலிங்கத்தையே முந்தினார். திரும்பி வரும்போதுதான் வினை. விறகுக் கட்டு முதுகுக்குப் பின்னால், சோளகம் முகத்துக்கு நேரே. பெடல் அசையமாட்டேன் என்றது. பாலத்தில் சீற்றை விட்டெழுந்து, முழு உடம்பையும் ஒரு காலில் போட்டு மிதிப்பார். வலது முழங்காலுக்குள் ஏதோ ‘கறக்’ என்னும். இறங்குவாரா? இறங்கமாட்டார். அப்படி ஒரு மாதம் மிதித்தார்.

ஒருநாள் வீட்டுப் படலைக்குள் வந்து இறங்கியவருக்குக் கால் மடங்கவில்லை. முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் அமத்திப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். “மூண்டு கிழமை ஓய்வு. அதுக்குப் பிறகும் உப்பிடிப் பாரமாய் மிதிச்சால் இந்த முழங்கால் உமக்கு இல்லை.”

முத்துக்குமாரு கொட்டிலில் கால் நீட்டிக் கிடந்தார். பயந்துபோனார் என்றுதான் சொல்லவேண்டும். கடல் கைவிட்டுப் போன அன்றுகூட அவர் இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்குக் கால் இருந்தது. இப்போது காலும் போனால் நாலு பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? இராசமலர் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரை இன்னும் வாட்டியது.

நாலு வளவு தள்ளிச் சோமசேகரம் இருந்தார். பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் பாண் பெட்டி கட்டிச் சைக்கிளோட்டியவர். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் பேக்கரி எரிந்துபோக, சைக்கிளையும் மனைவியையும் கொண்டு இங்கே வந்தவர். இப்போது கடைகளுக்கு அப்பளம் போடுகிறார். அவருடைய சைக்கிளில் செயின்வீல் சின்னது, நாற்பது பல்லு. மலையேறச் செய்தது. இந்தச் சமதரையில் அவர் கால் படபடவென்று சுற்றும், சைக்கிளோ ஆறுதலாய்ப் போகும். “என்ன சோமண்ணை, தையல் மெசினோ மிதிக்கிறியள்?” என்று அவரைப் பகிடி பண்ணாத ஆள் அரியாலையில் இல்லை. அதிகம் பண்ணியவர் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சோமசேகரம்தான் உடைந்த அப்பளம் ஒரு பொதி சைக்கிளில் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். முழங்காலைப் பார்த்தார். வெளியில் சாத்தியிருந்த சைக்கிளையும் போய்ப் பார்த்தார்.

“முத்தர், உந்தச் செயின்வீலை ஆர் பூட்டச் சொன்னது?”

“பாரம் கூடவெல்லோ அண்ணை. அதுதான் பெரிசாய்ப் போட்டனான்.”

“பாரத்துக்குச் சின்னன் போடவேணும். பெரிசு வெறும் ஓட்டத்துக்கு.”

“கியர் சைக்கிள்காரர்தானே உதெல்லாம் பாக்கிறது. என்ரை சைக்கிளிலை கியர் எங்கை கிடக்கு?”

“கியர் இல்லாத சைக்கிள் இல்லை, முத்தர். அவையள் ஓடேக்கை மாத்துவினம். எங்கடையிலை பூட்டினது பூட்டினதுதான்.” சோமசேகரம் பலாக்குற்றியில் உட்கார்ந்தார். “பண்டாரவளை ஏத்தத்திலை பாண் பெட்டியோடை நான் எழும்பி மிதிச்சதே இல்லை. பல்லுக் குறைஞ்சால் காலுக்குப் பாரம் குறையும். ஆனால் அதே தூரத்துக்குக் கூடச் சுத்தவேணும். ஒண்டும் சும்மா வராது.”

முத்துக்குமாரு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப இது பாய் இல்லை. கப்பி.”

“என்ன?”

“வள்ளத்தைக் கரையிலை இழுக்கேக்கை இரட்டைக் கப்பி போடுவம். ரெண்டு முழம் கயிறு இழுத்தால் வள்ளம் ஒரு முழம்தான் ஏறும். ஆனால் பத்துப்பேர் இழுக்கிறதை அஞ்சுபேர் இழுக்கலாம். நான் கப்பி போடவேண்டிய இடத்திலை பாயைக் கட்டியிருக்கிறன், அண்ணை.” தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டார்.

“ஓம், உதேதான்” என்றார் சோமசேகரம்.

வாசலில் நின்ற இராசமலர் அப்போதுதான் வாய் திறந்தாள். “அப்ப இந்தப் பெரிசு உங்களுக்கு நல்லமெல்லோ, சோமண்ணை? அப்பளம் என்ன பாரமே? ரெண்டுபேரும் மாத்திப் பூட்டினால் என்ன?”

ஓம் என்று சொல்ல முத்துக்குமாருவுக்கு மானம் தடுத்தது. தையல் மெசின் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய். சோமசேகரத்துக்குத் தடை வேறு. அவர் தன் செயின்வீலைப் பார்த்தபடியே சொன்னார். “ஒன்பது வருசமாய் இதை மாத்தேல்லை. திரும்பி மலைக்குப் போனால் தேவைப்படும் எண்டு நினைச்சனான்.” பிறகு குற்றியை விட்டு எழும்பினார். “சரி, கழட்டுவம். இனி ஆர் போறது?”

முத்துக்குமாருவுக்கு அந்த மனிசனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

பெடல்தண்டை இறுக்கியிருந்த ஆணிகளை அடித்துக் கழற்றுவதற்குள் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. சின்னச் செயின்வீலுக்கு முத்துக்குமாருவின் செயின் தொய்ந்தது. சோமசேகரத்தின் செயின் பெரியதைச் சுற்றி எட்டவில்லை. இங்கே வெட்டிய கண்ணிகளை அங்கே கோத்தார்கள். கடையில் ஒரு கண்ணிகூட வாங்கக் கிடைக்காத காலத்தில் அது அவர்களுக்குப் பெரிய அதிர்ஷ்டமாய்ப் பட்டது.

ஓய்வு முடிந்த முதல் நாள். இராசமலர் படலை வரை வந்தாள். “இஞ்சாருங்கோ, நொந்தால் விறகைக் கொட்டிப்போட்டு வாங்கோ” என்றாள். அவர் தலையாட்டினார்.

போகும்போது அவமானம்தான். வெறும் சைக்கிள், சமதரை, பின்காற்று. கால் படபடவென்று சுற்றியது. மிதிக்க எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் மற்றவர்கள் எட்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். “மயிலிட்டியாரும் தைக்கத் தொடங்கிட்டார்!” என்று கனகலிங்கம் திரும்பிப் பார்த்துக் கத்தினார். சொந்தப் பகிடி சொந்தத் தலையில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று முத்துக்குமாரு அன்றைக்குத்தான் கண்டார். கொடிகாமத்துக்கு அவர் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார்.

வழக்கம்போல ஒன்றரை அந்தர் கட்டினார். ஏறி உட்கார்ந்து பெடலை அழுத்தினார். கட்டு அசைந்தது. முன்பெல்லாம் புறப்படுவதற்கே ஒருவர் பின்னால் தள்ளவேண்டும். காற்றில்லாத மறைவான இடங்களில் மற்றவர்கள் அவரைவிட்டுப் போனார்கள். வெளிக்கு வந்து சோளகம் முகத்தில் அறைந்ததும் அவர்கள் சீற்றை விட்டெழுந்து முக்கத் தொடங்கினார்கள். அவர் உட்கார்ந்தபடியே சுற்றினார். இரண்டேகாலுக்குக் கொஞ்சம் குறையத்தான் இப்போது சில்லு சுற்றியது. குறைந்தால் குறையட்டும்.

பாலம் வந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவருடைய உடம்பு பழக்கத்தில் எழும்பப் பார்த்தது. எழும்பவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, காது முழுக்க முழங்காலையே கேட்டுக்கொண்டு சுற்றினார். ‘கறக்’ வரவில்லை. ஆமை மாதிரித்தான் ஏறினார், ஆனால் ஏறினார். பாதி ஏற்றத்தில் கனகலிங்கம் இறங்கித் தள்ளிக்கொண்டு நின்றார். அதற்கேற்ற நல்ல பகிடி ஒன்று முத்துக்குமாருவின் நாக்கில் வந்து நின்றது. காலையில் தன் தலையில் விழுந்தது நினைவு வர, அதை விழுங்கிக்கொண்டார். “மெள்ள வாரும், கனகு” என்றுமட்டும் சொன்னார்.

பாலம் தாண்டித் தேத்தண்ணிக்கு நின்றபோது வெறுந்தேத்தண்ணி கனகலிங்கத்துக்கு. பிறகு சமதரையில் மற்றவர்கள் மறுபடி முந்திப் போய்விட்டார்கள். விறகை இறக்கிவிட்டு அரியாலைக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முன்னெல்லாம் இந்நேரம் குளித்துச் சாப்பிட்டிருப்பார்.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் இராசமலர் நின்றாள். மற்ற விறகுக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள், இவரை மட்டும் காணவில்லை. எங்கோ வழியில் கால் மடங்கி விழுந்து கிடக்கிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சைக்கிளைக் கண்டதும் ஓடி வந்து கைபிடியைப் பிடித்தாள்.

“ஏன் இவ்வளவு நேரம்? முழங்கால் போயிட்டுதோ?”

“இல்லை. இது மெள்ளத்தான் ஓடும்.”

“பாலத்திலை?”

“இறங்கேல்லை.”

“நோகுதோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

அவர் சைக்கிளை விட்டிறங்கி, தெருவிலேயே இரண்டு காலையும் மடக்கிக் குந்தி இருந்து காட்டினார். பிறகு கையூன்றாமல் எழும்பினார். “நோகேல்லை, இராசு.”

இராசமலர் கரியரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாகிப் போனது. மூன்று கிழமையாக அவள் பிள்ளைகளுக்கு முன்னால் அழாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த ஒழுங்கையில் கொட்டியது. முத்துக்குமாரு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

“நாளைக்கும் போகலாமோ?” என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

“ஓம்” என்றார் அவர். “நாளைக்கும் போகலாம்.”