பாசி படராத இடம்

பாயா ரும்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். வீட்டுச் சுவரையும் கூரையையும் கழுவி, மருந்தடித்து, சாயம் பூசிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. வேலைக்குப் போகிற ஆட்கள் வேறு. என் வேலை மேசையோடு சரி. வாடிக்கையாளர்கள் வாட்சாப்பில் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, சுவரில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் மருந்தா, சுரண்டலா, தண்ணீர் பீய்ச்சலா என்று முடிவாகும்.

படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதுவார்கள். தமிழர்கள் 'பாசி' என்பார்கள், மலாய்க்காரர்கள் 'லூமுட்' என்பார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் ஆல்கா, மாஸ், லைக்கன் என்று மூன்று தனித்தனி உயிர்கள் இருக்கின்றன. ஆல்காவுக்குத் தடிப்பே கிடையாது. தண்ணீர் வழிந்த வழியில் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் இறங்கியிருக்கும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. மாஸுக்குத் தடிப்பு உண்டு. விரிசலிலும் சாக்கடை ஓரத்திலும் மெத்தை மெத்தையாக உட்கார்ந்திருக்கும். வெயில் சாய்வாக விழும்போது எடுத்த படமென்றால் அதன் சின்ன நிழல்கூடத் தெரியும். லைக்கன் இரண்டிலும் சேராது. சாம்பலும் வெள்ளையுமாக, யாரோ பெயிண்டைச் சொட்டிவிட்டுப் போன மாதிரி வட்டம் வட்டமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் தனக்கென்று ஒரு விளிம்பு உண்டு. பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் இந்த ஜாதிதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

எனக்கு முக்கியம் அவை வளரும் வேகம். ஆல்கா ஒரு மழைக்காலத்தில் சுவரைப் பிடித்துவிடும். லைக்கனுக்கு வருஷக்கணக்கு வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சிங்கப்பூர் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். 'அக்கா, இது எங்கம்மா வீடு, புக்கிட் காத்தில்ல இருக்கு. பின்பக்கச் சுவரு. எவ்வளவு சீக்கிரம் கழுவ முடியுமோ கழுவிக் குடுங்க. ப்ளீஸ் லா.'

படத்தைத் திறந்ததும் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

சுவர் முழுக்கக் கரும்பச்சை. நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த ஆள். கூம்பிய தலை, இறங்கிய தோள்கள், உடம்பிலிருந்து சற்றே விலகித் தொங்கும் இரண்டு கைகள், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பழைய சுண்ணாம்பு நிறம். அவர் நம்மைப் பார்க்கிறாரா, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

படம் அனுப்பிய மகளை அழைத்துப் பேசினேன். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஜாகா, அதாவது காவல்காரர் வேலை பார்த்தவர். அம்மா தனியாக இருக்கிறார். போன தடவை வந்தபோதுதான் மகள் அதைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய பிள்ளை சமையலறைப் பக்கம் போக மாட்டேன் என்று அழுததாம். கோயிலிலிருந்து ஆளைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழம் கட்டியும் ஆயிற்று.

'அம்மா என்ன சொல்றாங்க?' என்று கேட்டேன்.

'தெரியலன்னு சொல்றாங்க. பயமில்லையான்னா, என்ன பயம்னு கேக்குறாங்க. அதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு. அப்பா மாதிரியே இருக்குக்கா. அந்தத் தோளு.'

எல்லோரிடமும் கேட்பதைப் போல் அவளிடமும் இன்னும் படங்கள் கேட்டேன். கிட்டப் போய், பக்கத்தில் ஒரு காசை வைத்து ஒன்று. கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒன்று. அம்மாவிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன் என்றாள். மத்தியானத்துக்குள் வந்துவிட்டன. காசு பிடித்திருந்த விரல் வயதானது, நகம் ஒட்ட வெட்டியிருந்தது.

கரும்பச்சை ஆல்காதான். தண்ணீர் பட்டதும் பளிச்சென்று பச்சையாகியிருந்தது. சாக்கடை ஓரம் மாஸ். ஆனால் தோள் உயரத்துக்கு மேலே, வெயில் படும் இடத்தில், ஆல்காவுக்கு இடையிடையே சாம்பல் வட்டங்கள் இருந்தன. லைக்கன். நான் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற இடங்களில் முழு வட்டம். அந்த உருவத்தின் ஓரத்தில் மட்டும் பாதி வட்டம். தோள்வரை வளர்ந்து வந்து, அங்கே தட்டையாகி நின்றிருந்தன. இந்தப் பக்கத் தோளிலும் அப்படி, அந்தப் பக்கத் தோளிலும் அப்படி.

அப்படியென்றால் உருவம் திடீரென்று தோன்றியதல்ல. வருஷக்கணக்காக அந்த இடத்தில் ஏதோ ஒன்று வெயிலையும் மழையையும் மறைத்திருக்கிறது. உள்ளே ஒரு துளி ஆல்காகூட இன்னும் ஏறவில்லை. ஆகவே அந்த ஏதோ ஒன்று போய் அதிக நாளும் ஆகவில்லை. மகளோ, அங்கே எதுவும் இருந்ததில்லை என்று அடித்துச் சொன்னாள். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வருகிறாள். அந்தச் சுவரோரம்தான் துணி காயப்போடுவார்கள்.

படத்தில் தலைக்கு மேலே, கூரை இறக்கத்துக்குக் கீழே, ஒரு துருப்பிடித்த ஆணி இருந்தது.

வழக்கமாக நான் வீடுகளுக்குப் போவதில்லை. இதற்குப் போனேன். மகளிடம் அளவெடுக்க என்று சொன்னேன்.

அம்மா சின்ன உருவம். கேட்டைத் திறந்து, 'வாங்கம்மா' என்று சொல்லிவிட்டு, ஏதோ வீட்டாளைக் காட்டுவதுபோல் என்னை நேரே பின்பக்கம் கூட்டிப்போனார். காலையில் மழை பெய்திருந்தது. சுவர் நனைந்து பச்சை இன்னும் கருத்திருந்தது. அதனால் சுவரில் நின்றவர் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தார். நேரில் பார்க்கையில் என்னைவிட உயரம். என் முதுகில் சில்லென்று ஏறியது. காரணம் தெரிந்த பிறகும் ஏறும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

சுவரோரம் ஒரு ரம்புத்தான் மரம். அதன் அடிமரத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, 'இதுக்கும் நோயா?' என்று கேட்டார்.

'இல்ல ஆன்ட்டி, இது லைக்கன். பட்டைமேல சும்மா ஒட்டியிருக்கும். மரத்தத் தின்னாது. ரொம்ப மெதுவா வளரும்.' சுவரிலிருந்த பாதி வட்டங்களைக் காட்டினேன். 'இதுவும் அதான். இந்த ஓரத்தோட நின்னுபோச்சு பாருங்க. இங்க ரொம்ப வருஷமா என்னமோ தொங்கிட்டு இருந்திருக்கு. நீளமா, தொப்பி வெச்சது.'

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

'மழைக்கோட்டு,' என்றார். 'மோட்டார் சைக்கிள்ல போறப்ப போடுவாரு.'

கருமாதி முடிந்ததும் மகள் அப்பாவின் துணிமணிகளை எல்லாம் மூட்டைகட்டி ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். பார்த்துப் பார்த்து அம்மா அழக்கூடாது என்று. மழைக்கோட்டு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருந்ததால் தப்பித்தது. அதை ஹேங்கரில் போட்டு இங்கே மாட்டினார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தோள் தெரியும்.

'மக வர்ற வாரம் எடுத்து ஸ்டோர்ல வெச்சிட்டு, வெளுத்த இடம் தெரியாம அங்க போர்வையக் காயப்போட்டுடுவேன். போனதும் மாட்டுவேன். காத்துல கை ஆடும். வந்துட்டாருன்னு தோணும். அவ்வளவுதான்.'

'இப்ப எங்க ஆன்ட்டி?'

'டெங்கி செக் பண்றவங்க வந்தாங்க. பாக்கெட்டுல தண்ணி நின்னு கொசுப்புழு. எடுத்துப் போடச் சொல்லிட்டாங்க. தொட்டா பொடிப்பொடியா உதிருது. குப்பையில போட்டுட்டு வந்து திரும்பிப் பாக்குறேன், நிக்கிறாரு.' முதல்முறையாகச் சுவரைப் பார்த்தார். 'கோட்டு இருந்தப்பக்கூட இவ்வளவு தெளிவா இல்லம்மா.'

அவர் மகளிடம் சொல்லாததற்கு நான் காரணம் கேட்கவில்லை. மகள் பயந்து, பூசாரி வந்து, பிள்ளை அழுது, எல்லாம் நடந்தபோதும் இவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

'ஓரமெல்லாம் கழுவிட்டு அவர மட்டும் விட்டுட முடியுமா?' என்று கேட்டார்.

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சுற்றியிருக்கும் பச்சையைக் கழுவினால் முழுச் சுவரும் அவர் நிறத்துக்கு வந்துவிடும். அவர் அங்கே இல்லவே இல்லை. இருப்பது பச்சை மட்டும்தான். இதை எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. ஆனால் அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

'அப்ப கழுவலன்னா எவ்வளவு நாளு இருப்பாரு?'

'மறைக்க ஒண்ணுமில்லாததால இனி பச்சை உள்ள ஏறும் ஆன்ட்டி. கீழேருந்து வரும், சாக்கடைத் தண்ணி தெறிக்கிற பக்கம். ஒரு மழைக்காலம். கூரைக்குக் கீழ ஈரம் கம்மி, தலை கொஞ்ச நாள் நிக்கும்.'

'இந்த வெள்ளை வட்டம்?'

'அது வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆகும்.'

'அவரு போறது பச்சையிலதான்,' என்றார், கணக்கை முடித்துக்கொண்டதுபோல்.

மகளிடம் பேசவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. அம்மா அனுமதித்த பிறகுதான் பேசினேன். படத்தில் பாதி வட்டங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பி, பேய் இல்லை, அம்மா மாட்டிவைத்திருந்த அப்பாவின் மழைக்கோட்டு என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, 'நான் வர்றப்பலாம் எடுத்து ஒளிச்சு வெச்சாங்களா?' என்றாள். அழுதாள். கழுவ வேண்டாம் என்று சொன்னது அவள்தான். அந்த வாரக் கடைசியில் அவளே வந்து அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள் என்று பிறகு தெரிந்தது. முதல் நாள் இருவரும் சண்டை போட்டார்களாம். இரண்டாம் நாள் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்களாம்.

மழைக்காலம் வந்தது. அம்மா அவ்வப்போது எனக்குப் படம் அனுப்ப ஆரம்பித்தார். எழுத்து எதுவும் இருக்காது, படம் மட்டும். கோட்டின் கீழ் விளிம்பில் முதலில் ஒரு பச்சைப் புகை. அடுத்ததில் இடுப்புவரை. கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஆபீஸில் மற்றவர்களின் கூரைகளையும் மதில்களையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் படம் வந்து விழும். நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத் திறப்பேன். கிளேபாங் கடற்கரைப் பக்கம் தேங்காய் ஷேக் குடிக்கப் போனாலும் கடைக்குப் பின்னாலுள்ள பச்சைச் சுவரில் எங்கே பச்சை இல்லை என்றுதான் கண் தேடும். ஒருமுறை ஓர் ஏணியின் வடிவம் தெரிந்தது. ஒருமுறை ஒரு நாற்காலியின் முதுகு. யாருடையது என்று யாரைக் கேட்பது?

கடைசியாக வந்த படத்தில் சுவர் முழுக்கப் பச்சை. தலையும் இல்லை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். முதலில் மழைச் சத்தம். பிறகு அம்மாவின் குரல். 'எனக்குக் கண்ணு சரியா தெரியல. நீ பாரும்மா. இருக்காரா?'

படத்தைப் பெரிதாக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். புதிதாக ஏறிய ஆல்கா மெல்லியதாக இருக்கும். பழையதன் கருமை அதற்கு வர நாளாகும். நடுவில் பச்சை ஒரு சாயல் இளசாக இருந்தது. ஒரு தோளின் இறக்கம். அதற்கு மேல் கூம்பு.

'தெரியுது ஆன்ட்டி, லேசா,' என்று எழுதினேன்.

அது பொய்யில்லை. ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிய பிறகும் அந்தத் தோள் அங்கேயே இருந்தது.