சீல் வைத்த மாஸ்க்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனிடம் ஒரு நெபுலைசரைக் கொடுத்தால், அதற்கும் ஒரு நடைமுறை எழுதுவான். நானும் எழுதினேன்.

என் மனைவிக்கு ஆஸ்துமா. எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. பஞ்சுத்தூசி அவள் மூக்கைத் தேடி வரும். மதுரையில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது, மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியே தரும் நெபுலைசருக்கு டாக்டர் இரண்டு மருந்து எழுதியிருந்தார். இழுப்பு வந்தால் மூச்சுக்குழாயை விரிக்கச் சால்பியூட்டமால். உள்வீக்கம் வராமலிருக்க, இழுப்பு இல்லாவிட்டாலும் காலையும் இரவும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு. அதை வைத்தபின் வாய் கொப்பளித்து, மாஸ்க் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விடச் சொன்ன எதிர்வீட்டுக்காரருக்கு அந்தத் தாளையே பதிலாகக் காட்டினேன்.

சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றும், அதைச் செருகி இழுக்க ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையும் எழுதியிருந்தார். வாங்கி பீரோவில் வைத்தோம். “அதை அடிச்சா பழகிரும். பம்பு அடிக்கிறவன்னு பேரும் வந்துரும்,” என்றாள் அவள். எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. சத்தம் போட்டுப் புகை கிளப்பும் இயந்திரம் செய்யாததையா அந்தச் சின்னக் குப்பி செய்துவிடப்போகிறது?

சில மாதம் கழித்து, ஒரு வாரக் கடைசியில் காரியாபட்டியில் அவள் தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழா. மூன்று நாள் தங்க வேண்டுமென்றாள். “அங்க கரண்டு போனா மூச்சை எங்க செருகுவ?” என்று மறுத்துவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊரிலேயே மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் கிடையாது. விடிந்ததும் இழுப்பு தொடங்கியது. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் முடியும் மருந்து, அன்று அரைமணி நேரமாகியும் அதை ஊற்றும் கப்பில் மிச்சம் கிடந்தது. புகையும் மெலிந்திருந்தது. அந்நேரம் கரண்டும் போனது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அவள் மூச்சு வாங்கினாள். மருந்துப் பை, பீரோவில் கிடந்த இன்ஹேலர், ஸ்பேசர், இயந்திரம், மாஸ்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். விரலில் மாட்டிய கருவியைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த இன்ஹேலரையே எடுத்து நர்ஸிடம் கொடுத்தார். “இங்கே நெபுலைசர் இல்லையா?” என்றேன்.

“இருக்கு சார், ஜெனரேட்டரும் இருக்கு. இந்த அளவு இழுப்புக்கு ஸ்பேசர்ல அடிச்சாலே அதே பலன்,” என்றார் நர்ஸ். குப்பியைக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, மனைவி உதட்டில் பொருத்தினார். ஒருமுறை அழுத்தினால் ஐந்தாறு மூச்சு. பிறகு மறுபடி குலுக்கி அடுத்தது. “ரெண்டு மூணை மொத்தமா அடிச்சுராதீக அம்மா, பாதி குடுவையில ஒட்டிக்கிரும்.” நான்கு முறை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அதற்குள் நர்ஸ் என் பையைத் திறந்தார். தினமும் மாஸ்க்கையும் கப்பையும் கழுவிய கையோடு காற்றுப் புகாமல் மூடி, மேலே தேதி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில்தான் அன்றும் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். தூசி படக்கூடாதல்லவா.

“இதை என்னைக்காவது மோந்து பாத்தீகளா சார்?”

முகர்ந்தேன். ஊறிய சாக்கு நாற்றம்.

கப்பை வெளிச்சத்தில் பிடித்தார். மருந்து கிளம்பும் சிறு துளையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. “போர் தண்ணியிலயா அலசுறீக? நம்ம ஊரு உப்பு இதை அடைச்சிருக்கு. அதான் புகை வரல. இதை மாத்திருங்க. இனிமே ஒவ்வொரு தடவையும் கப்பு, மாஸ்க் ரெண்டையும் சோப்புத் தண்ணியில கழுவி, காய்ச்சி ஆறவச்ச கேன் தண்ணியில அலசி உதறுங்க. சுத்தமான துணி மேல தானா காயட்டும். ட்யூபைக் கழுவாதீக. மருந்து கலக்க கேன் தண்ணி ஆகாது, மருந்துக்கடை சலைன்தான்.”

சலைன் தீர்ந்த ஒரு நாளில் கேன் தண்ணீர் ஊற்றியதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

கால்மணி கழித்து என் மனைவி அன்றைய முதல் முழு வாக்கியத்தைப் பேசினாள்: “ஊரு பத்திரத்துக்கெல்லாம் சீல் வச்ச கையி, அந்தப் பழக்கத்துல என் மூச்சுக்கும் வச்சிருச்சு.”

நர்ஸ் சிரிப்பை அடக்கவே இல்லை. அந்த நிமிடம் எனக்கு அவமானம் தோன்றவில்லை. அவளால் கேலி செய்ய முடிகிறதே என்றுதான் இருந்தது.

புடசோனைடையும் இன்ஹேலராக டாக்டர் மாற்றி எழுதினார். வாய் கொப்பளிப்பது மட்டும் மாறவில்லை. கிளம்பும்போது நர்ஸ், “அடிச்சும் கேக்கலைன்னா, பேச முடியலைன்னா, உதடு நீலம் பாஞ்சா, வீட்டுல பாத்துக்கிட்டு உக்காராதீக. அடிச்சுக்கிட்டே வந்துருங்க,” என்றார். அவருக்கு நன்றி சொன்னேன். அலுவலகத்தில் நான் அதிகம் பயன்படுத்தாத சொல் அது.

வெள்ளிக்கிழமை அவளைக் காரியாபட்டி பஸ்ஸில் ஏற்றினேன். நானும் வருவதாகச் சொன்னதற்கு, “நீங்க வந்தா அங்கயும் தாளு ஒட்டுவீக,” என்றாள். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் ஸ்பேசரைக் கைப்பையின் மேலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து அம்மா எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். பஸ் நகரும்போது அவள் குப்பியைக் குலுக்கிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.