தரையில் நிற்காத கற்பூரம்

ஆத்தப்பன் பதினோரு வருஷம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடியபின், கடன் வாங்காமல் மனைவியின் வளையலை விற்று ஒரு குளிர்பெட்டி வாங்கினார். திருப்பூரில் சாவு விழுந்த வீடுகளுக்கு அதை வாடகைக்குக் கொண்டுபோவதுதான் அன்றுமுதல் பிழைப்பு.

சித்திரை மாதம். அவிநாசிபாளையத்தில் பிரபாகர் இறந்திருந்தார். மகள் பூங்குழலி சிங்கப்பூரிலிருந்து மறுநாள் மதியம்தான் வந்துசேர முடியும். அவள் வரும்வரை அப்பாவின் முகம் கெடாமல் இருக்க வேண்டும். சாயங்காலம் ஆத்தப்பன் கொண்டுவந்திருந்த பெட்டியின் கம்ப்ரசர் நின்றுபோனது. வேறு பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. ஆத்தப்பன் கோவைக்குப் போய் முப்பது கிலோ டிரை ஐஸ் எனும் உலர்பனிக்கட்டி வாங்கி வந்தார்.

"கையில தொடாதீங்க, மூடிய இறுக்கிச் சாத்தாதீங்க," என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டிலும் அவர் தவறவில்லை. உடலைச் சுற்றிக் கட்டிகளை வைத்து, மூடியில் விரல் நுழைகிற சந்து விட்டார். குளிர் போகக் கூடாதென்று அறையின் ஜன்னல்களையும் கதவையும் மட்டும் அவராகவே சாத்தினார். மேலே ஏசி ஓடியது.

காலையில் பெட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்த பிரபாகரின் மனைவி சித்ரகலா தலையைப் பிடித்துக்கொண்டார். அழுத அசதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கால்மாட்டில் தட்டில் ஏற்றிய கற்பூரம் அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் அணைந்தது.

"மகளப் பாக்காம போக மனசில்லையாட்ட இருக்குதுங்க," என்றார் பிரபாகரின் தம்பி தங்கராஜ்.

ஆத்தப்பன் தட்டைப் பார்த்தார். சுடரை அணைக்கிற மாதிரி காற்று வீசவில்லை. கற்பூரம் பாதிகூடத் தீரவில்லை. தட்டை மேசைமேல் வைத்து ஏற்றினார், நின்று எரிந்தது. தரைக்கு இறக்கினார், யாரோ ஊதியதுபோல் அணைந்தது.

"எந்திரிங்க எல்லாரும்! அம்மாவத் தூக்கி வெளியில கொண்டுபோங்க! கதவத் தொறங்க!"

"ஏனுங்க, குளுரு போயிருமே?"

"போனாப் போவுதுங்க! ஐஸு தண்ணியாகாம அப்படியே வாயுவாப் போவுது. கனமான வாயுங்க, தரையிலயே தேங்கி நிக்குது. அதைத்தான் அம்மா ராத்திரி பூரா மூச்சுல இழுத்திருக்காங்க."

வாசல் காற்றில் சித்ரகலாவுக்குத் தெளிவு வந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டிக் கூட்டிவந்தார்கள்.

திறந்த அறையில் வெயில் ஏறியது. கட்டிகள் மணிக்கு மணி சிறுத்தன. பெட்டிக்கடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. மடியில் மறந்த கற்பூரம் காகிதத்தை நனைக்காமலே கரைந்துபோகுமே, அப்படி. ஆத்தப்பன் மூடியின் மேல் கம்பளி போர்த்திவிட்டு, விரல் நுழையும் சந்தை மட்டும் மூடாமல், வாசலைப் பார்த்தபடி நின்றார்.

இரண்டு மணிக்கு பூங்குழலி வந்தாள். கையளவு வெள்ளைத் துண்டுகள் மிச்சமிருந்தன. அப்பாவின் முகம் அப்படியே இருந்தது. கற்பூரத்தைத் தரையில் ஏற்றினாள். நின்று எரிந்தது.

இப்போதும் எந்த வீட்டுக்குப் பனிக்கட்டி கொண்டுபோனாலும் ஆத்தப்பன் முதலில் ஜன்னலைத் திறக்கிறார். பிறகு தரையில் ஒரு கற்பூரம் ஏற்றிவைத்துப் பக்கத்தில் காத்திருக்கிறார். அதைச் சடங்கென்று நினைத்துச் சிலர் கும்பிடுகிறார்கள். அவர் சுடர் நிற்கிறதா என்று பார்க்கிறார்.