என் பின்னலைத் தின்ற வெள்ளரிக்காய்

கொழுந்தனார் கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது என் பட்டு ரவிக்கையின் கொக்கி மாட்டமாட்டேன் என்றது. தையல்காரரிடம் கொடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. நான் ரவிக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டேன். காலையில் அரைக் கிண்ணம் ஓட்ஸ், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி கிரீன் டீ. இத்தனைக்கும் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினான்கு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள் நான். அரைப்பட்டினியில் மயங்கி விழுந்தவர்களை எத்தனை பேரைத் தாங்கிப் பிடித்திருப்பேன்! கண்ணாடி முன்னால் நின்றால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது?

ஒன்பது கிலோ குறைந்தது. மே மாதம் ஆம்பூர் மண்டபத்தில் மாமியாரின் அக்கா, எனக்குப் பெரியத்தை, என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, கல்யாணப் பொண்ணே நீதானோன்னு நெனச்சிட்டேன்! இப்படியே மெயின்டெய்ன் பண்ணு." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பசியில் தலை சுற்றியதைக்கூடச் சந்தோஷத்தில் சுற்றுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை கடைசியில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், சாம்பாரில். என்னிடம் அழகென்று சொல்லிக்கொள்ள இருந்ததே அந்த இடுப்புவரை தொங்கிய பின்னல்தான். அது எலிவாலாகிக்கொண்டிருந்தது. தினமும் கொட்டியதைச் சுருட்டி ஒரு பாலிதீன் கவரில் போட்டு வைத்தேன். அழுகையாக வந்தது.

வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் சுண்ணாம்புப் பிரிவில் சூப்பர்வைசர். பச்சைத் தோலிலிருந்து முடியை எடுப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாங்க சுண்ணாம்பு, சல்பைடுன்னு டிரம் டிரம்மா கொட்டி முடிய எடுக்கறோம். நீ வெறும் வெள்ளரிக்காய வச்சே எடுத்துட்டியே! கம்பெனிக்கு வந்து சொல்லிக் குடு, செலவு கம்மியாவும்" என்றார். கரண்டியை எறிந்தேன். குறி தப்பிவிட்டது.

வெள்ளரிக்காய் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் எது கொட்டினாலும் பழி தண்ணீருக்குத்தான். போர் தண்ணீர் உப்பு, தோல் கம்பெனிக் கழிவு, அதனால்தான் என்று தெருவே தீர்ப்பு சொன்னது. நானும் கேன் தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றினேன். குடிக்கிற தண்ணீரில் எருமை குளிப்பதுபோல் இருக்கிறது என்றார் அவர். கேன் தண்ணீருக்கும் கொட்டியது. உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கும், நடுவில் உடைக்கும். என்னுடையதோ வேர்ப்பக்கம் வெள்ளைக் குமிழோடு முழுசாக வந்துகொண்டிருந்தது. லேபில் இதைவிடச் சின்னதையெல்லாம் பார்க்கிறவள், அதைப் பார்க்கவில்லை.

அடுத்து ஆன்லைனில் முடிக்கான மிட்டாய் ஒரு டப்பா வாங்கினேன். கரடி உருவத்தில், ஸ்ட்ராபெரி வாசனையோடு. தினம் இரண்டு. மூன்று வாரம் தின்றும் முடி நிற்கவில்லை. நெஞ்சு வேறு படபடவென்று அடித்தது. லேபில் என் ரத்தத்தை நானே எடுத்து தைராய்டு பார்த்தேன். டிஎஸ்ஹெச் அடிமட்டத்தில், டி4 உச்சத்தில். தைராய்டு தாறுமாறாக ஓடுகிறது! எடை குறைந்தது, முடி கொட்டியது, படபடப்பு, எல்லாம் பொருந்திவிட்டது. வெள்ளரிக்காயால் இளைத்தேன் என்பதையே மறந்துவிட்டு, வியாதியால் இளைத்தேன் என்று கதை கட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். "மாத்திரை ஏதாவது சாப்புடறியா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"முடிக்கு?"

"மிட்டாய்தான் மேடம்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுல இருக்கறது பயோட்டின் விட்டமின். உங்க லேப் கவுன்ட்டர்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கே, யாரும்மா ஒட்டினது?"

நான்தான். 'பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லவும். தைராய்டு முடிவு தவறாக வரலாம்.' என் கையால் எழுதி, என் கையால் டேப் ஒட்டியது. வருகிற ஒவ்வொருவரையும் கேட்கிறேன். எனக்கு ஊசி குத்தும்போது கேட்க ஆள் இல்லை. வெட்கத்தில் செத்தே போனேன்.

கரடியை நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். தைராய்டு நல்ல பிள்ளையாக இருந்தது. இல்லாத வியாதிக்கு மருந்து தின்ன இருந்தேன். ஹீமோகுளோபினும் பரவாயில்லை. ஆனால் உடம்பு சேர்த்து வைக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின், முப்பதாவது இருக்க வேண்டியது, ஒன்பதுதான் இருந்தது.

"பயோட்டின் கொறையறவங்க ஆயிரத்துல ஒருத்தர்கூட இருக்கமாட்டாங்க. நம்ம பொம்பளைங்களுக்குக் கொறையறது இரும்பு. அப்புறம் சோறும் புரோட்டீனும் கொறைஞ்சாலும் முடி கொட்டும். துத்தநாகம் எப்பவாவது. டெஸ்ட்ல கம்மின்னு தெரிஞ்சா குடுக்கணும், சும்மா அள்ளித் தின்னக்கூடாது" என்றார். "நீ பட்டினி கெடந்தப்போ உடம்பு இன்னா பண்ணும்? மூளைக்கும் இதயத்துக்கும்தான் மொதல்ல சோறு. முடியெல்லாம் போய்த் தூங்குங்கன்னு சொல்லிடும். தூங்கின முடி ரெண்டு மூணு மாசம் கழிச்சித்தான் விழும். ஜூலைல விழ ஆரம்பிச்சது ஏப்ரல் மாசத்து முடி. வேர் செத்துப்போவல, மொளைக்கும். ஒழுங்கா சாப்புடு. இரும்பு மாத்திரைய டீயோட மட்டும் முழுங்காத."

அந்தக் கணக்கு மனதில் பதிந்ததால்தான் அக்டோபரில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷூ கம்பெனியில் தைக்கிற என் நாத்தனாருக்கு ஜனவரியில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தவள், பிரியாணித் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைப்பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்தாள்.

"நாலு நாளா உங்க டயட்தான் அண்ணி."

"வாணாம். இப்ப பட்டினி கெடந்தா ஜனவரில முடி கொட்டும். மேடையில தலையில பூ வைக்க எடம் இருக்காது."

"நீங்க மட்டும் எளச்சி போட்டோ எடுத்துக்குனீங்க. நான் எளைக்கக்கூடாதா?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "பெரியம்மா என்னப் பாத்து, உன் அண்ணி மாரி ஆவலன்னா மாப்ள பக்கத்துல அம்மா மாரி நிப்பேன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மே மாத போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது நான்தானே! பாலிதீன் கவரை எடுத்துவந்து வெள்ளரிக்காய் பக்கத்தில் வைத்தேன். "இதுவும் அந்த டயட்லதான் வந்திச்சி. போட்டோல தெரியல." கரடி மிட்டாய் சமாச்சாரத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கவரை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, "கத்தரிக்கா தொக்கு இருக்கா?" என்றாள். எனக்கு உயிர் வந்தது. வெள்ளரிக்காயைத் தயிர்ப்பச்சடியில் போட்டேன்.

ஜனவரியில் அவள் பூசினாற்போல, அடர்ந்த கொண்டையும் முழுப்பந்து மல்லிகையுமாக மேடையில் நின்றாள். எனக்கு நெற்றியோரம் புதுமுடி அரை விரல் உயரத்துக்குக் குத்திட்டு நின்றது. பின்னல் மட்டும் இன்னும் எலிவால்தான். பெரியத்தை வந்தார். முதலில் மேடையைப் பார்த்து, "பொண்ணு கொஞ்சம் எளச்சிருக்கலாம்" என்றார். அப்புறம் என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"ஏம்மா, எவ்ளோ முடி இருந்திச்சி உனக்கு! தண்ணி சேரலியா?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு பெரியத்தை," என்றேன். "போன கல்யாணத்துல நீங்க பாராட்டினீங்களே, அதுதான் சேரல."