கடலை வறுத்த எண்ணெய்

அந்த எண்ணெய் எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். படித்தவள்தான், அவசரக்காரியும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்கு அது மட்டும் எப்படித் தப்பியது?

லிங்கராஜபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையிலிருந்து புளியோதரை விற்கிறேன். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. செயலியில் ஆர்டர் வரும், போன் கத்தும், நான் பொட்டலம் கட்டுவேன், பைக்கில் வருகிறவர் எண்ணைச் சொல்லி வாங்கிப் போவார். பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப மனமில்லாமல் தொடங்கியது. தயிர்ப்பச்சடியும் அப்பளமும் உண்டு என்றாலும் வருகிறவர்கள் புளியோதரைக்காகத்தான் வருகிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழைக் குளிர்பதனப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதை வாங்கிய நாளில் என் கணவர், "இனிமே நீ ஓட்டல்காரி, எனக்கும் பார்சல்தானா?" என்று கேட்டார்.

அல்சூரிலிருந்து ஒரு அம்மா மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து வாங்கினார். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரே குறிப்பு: வேர்க்கடலை வேண்டாம், குழந்தைக்கு ஒவ்வாமை. எனக்கு அது சிரமமாகவே தோன்றவில்லை. புளிக்காய்ச்சலைத் தனியாகச் செய்து வைத்திருப்பேன். சோற்றில் அதைக் கிளறிய பிறகு கடைசியில்தான் வறுத்த கடலையை மேலே தூவுவேன். அவருக்குத் தூவாமல் கட்டினால் ஆயிற்று. சுத்தமான கரண்டியை எடுத்து, புதுப் பெட்டியில் வைத்து, மூடியில் "கடலை இல்லை" என்று எழுதி ஒரு சிரிப்பு முகமும் வரைவேன். எனக்கும் இரண்டு வயதில் மகள் இருக்கிறாளே. இன்னொரு தாய்க்காகக் கவனமாக இருக்கிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

நான்காவது சனிக்கிழமையும் அதே ஆர்டர் வந்தது. கட்டிக் கொடுத்தேன். அன்று காய்ச்சல் மதியமே தீர்ந்துவிட்டதால் உடனே அடுத்த வாணலியை ஏற்றினேன். நல்லெண்ணெய் காய்ந்தது. கடலையைப் போட்டுச் சிவக்க வறுத்து ஜல்லிக்கரண்டியால் வடித்தெடுத்தேன். எப்போதும் இப்படித்தான். கடலை மொறுமொறுப்பாக இருக்கும், எண்ணெய்க்கும் ஒரு வாசனை ஏறும். அந்த வாசனைதான் என் புளியோதரை என்று நானே சொல்லிக்கொள்வதுண்டு. அதே எண்ணெயில் கடுகைப் போட்டேன். கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம். புளிக்கரைசலை ஊற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த எண்ணெயில்தானே அந்தக் குழந்தைக்கும் செய்தேன்? இன்று மட்டுமா?

அடுப்பை அணைத்துவிட்டுச் செயலி வழியாக அந்த அம்மாவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பொட்டலம் கொண்டுபோனவரை அழைத்தேன்.

"அண்ணா, அந்தப் பார்சலைக் கொடுக்காதீங்க. திருப்பிக் கொண்டாந்துடுங்க, ப்ளீஸ்."

"இன்னா மேடம் ஆச்சு? மாத்திக் கட்டிட்டீங்களா?"

"இல்லண்ணா. அந்தக் குழந்தைக்குக் கடலை ஆகாது. கடலை வறுத்த எண்ணெய்ல செஞ்சுட்டேன்."

"நான் அவுங்க கேட்டாண்டயே வந்துட்டேன். திரும்பினா டெலிவரி ஆப்பு என்னைத்தான் கேள்வி கேக்கும். ஒண்ணு பண்றேன், பார்சல கையிலயே வெச்சுக்கினு பெல் அடிக்கிறேன், நீங்களே பேசுங்க. டென்ஷன் ஆவாதீங்க. எம் பொண்ணுக்குக்கூட கத்திரிக்கா ஒத்துக்காது, மூஞ்சி பூரி மாதிரி ஊதிக்கும்."

பக்கத்து அறையில் மடிக்கணினியோடு இருந்த கணவர் எழுந்து வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மெதுவாக, "இன்னிக்கு நடந்தத மட்டும் சொல்லு. போன மூணு வாரமும் ஒண்ணும் ஆகலைல்ல? எதுக்கு வீணா பயமுறுத்தணும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் பதற்றத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு கணம் அது சரி என்றே எனக்கும் பட்டது.

போனில் அழைப்பு மணி கேட்டது. கதவு திறந்தது. "அம்மா, ஓட்டல் மேடம் பேசணுமாம். அதுக்கு முன்னாடி பார்சல் குடுக்க மாட்டேன்" என்று பொட்டலம் கொண்டுபோனவர் சொல்வது கேட்டது. "என்னப்பா இது, சாப்பாட்டைக் கடத்திட்டுப் போறவன் மாதிரி பேசுற" என்று ஒரு பெண் குரல் சிரித்தது. பிறகு அதே குரல் என் காதருகில். "சொல்லுங்க."

எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன். அவர், "சரிங்க, நல்லவேளை சொன்னீங்க" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"போன மூணு வாரமும் அதே எண்ணெய்தாங்க" என்றேன். "எனக்கு உறைக்கவே இல்ல. மன்னிச்சுடுங்க."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்போ தயிர் இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வாயைச் சுத்தித் தடிப்பு தடிப்பா வந்துச்சுங்க. மூணு சனிக்கிழமையும். உங்க புளியோதரைல கடலை இல்லைன்னு எழுதியிருந்துச்சா, அதனால கூட வெச்ச தயிர்தான்னு நெனச்சு தயிரையே நிறுத்திட்டேன். அவன் தயிர் சாதம் வேணும்னு தினம் அழறான். பாவி மாதிரி ஒளிச்சு வெச்சு நான் மட்டும் தின்னேன்." சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. நான் அழுதேன். என் மகள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தானும் அழுதாள். "உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார் அவர். இருக்கிறது என்றேன்.

டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், அவர் சொன்ன பிறகு தயிரைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பார்சலைக் கொண்டுபோனவரே சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டாராம். அன்று மாலை அவர் இன்னொரு பொட்டலம் எடுக்க வந்தபோது, "சூப்பர் மேடம், அந்த எண்ணெய மட்டும் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே செயலியில் எழுதிவிட்டேன்: எங்கள் சமையலறையில் வேர்க்கடலை உண்டு, ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்க வேண்டாம். மனம் லேசாகும் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அன்று கடைசியில் என் எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தார். டாக்டரைப் பார்த்தார்களாம், தயிர் ஒன்றும் செய்யாதாம், பையன் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கும் படத்தையும் அனுப்பியிருந்தார். அடுத்த வரி: "உங்க புளியோதரை கேட்டு அடம் பிடிக்கிறான். நானும் செஞ்சு பாத்தேன், துப்பிட்டான். தனி வாணலில அவனுக்கு மட்டும் கொஞ்சம் செஞ்சு தருவீங்களா? உங்களை நம்புறேன்."

புது வாணலி, புதுக் கரண்டி, பிரிக்காத எண்ணெய் எல்லாம் வாங்கிவிட்டேன். ஆனால் அதே அடுப்பு, அதே கைகள். கடலையையே விட்டுவிடலாம் என்று ஒரு நாள் செய்து பார்த்தேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் ருசி மாறிவிட்டது என்றார்கள். அந்த அம்மாவுக்கு "பார்க்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். முடியாது என்று சொன்னால் என் பயத்துக்காகச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. சரி என்றால், அந்த நம்பிக்கை இனித்ததால் சொல்கிறேனோ என்று.

இதைப் படிப்பவர்களில் ஒவ்வாமை உள்ள குழந்தையை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். வீட்டிலிருந்து சமைத்து விற்பவர்களும் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் அந்தப் பையனுக்குச் சமைப்பீர்களா? எப்படி மறுத்தால் அந்த அம்மா வருத்தப்பட மாட்டார்? எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.